சளியோடு விமானம் ஏறலாமா? உம்ரா செல்வோர் அறிய வேண்டியவை



ஆலங்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் விமானம் ஏறாதவர் ஒருவர்கூட இல்லாத குடும்பம் குறைவு. மகனைப் பார்க்க சிங்கப்பூர், மருமகனோடு இருக்க துபாய், வேலைக்கு மலேசியா, அல்லாஹ் நாடினால் உம்ரா. டிக்கெட் எடுத்து, விசா வந்து, பெட்டி கட்டிய பிறகு சளி பிடிப்பதும் வழக்கமாக நடப்பதுதான். "சளிதானே, ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு போகலாம்" என்று கிளம்பிவிடுகிறோம். விமானம் இறங்கும்போது காதில் ஊசி குத்துவது போன்ற வலி வரும்போதுதான் விஷயம் புரிகிறது. சிலருக்கு ஊர் வந்து மூன்று வாரம் ஆகியும் காது அடைத்தே இருக்கும்.

இந்த வலி ஏன் வருகிறது, எதைச் செய்தால் குறையும், எதைச் செய்தால் கூடும், பக்கத்தில் இருப்பவருக்குச் சளி பரவாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை ஒரே ஒரு பயணத்தை வைத்துப் பார்ப்போம்.

ஒருவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வயது 60. பி.பி.க்கு தினமும் மாத்திரை எடுக்கிறார். மகனோடு உம்ரா புறப்படுகிறார். ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை, திருச்சி வழியாகச் சென்னை போய், அங்கிருந்து ஜித்தாவுக்கு நேர் விமானம். ஏறத்தாழ 6 மணி நேரப் பயணம். சவூதி நேரப்படி பிற்பகல் 3 மணிக்கு விமானம் தரை இறங்கும். புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது அவருக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது.

வலி ஏறும்போது இல்லை, இறங்கும்போது

நம் செவிப்பறைக்கு உட்பக்கம் காற்று நிறைந்த சிறிய அறை ஒன்று உண்டு. அதுதான் நடுக்காது. அந்த அறைக்கு ஒரே ஒரு வாசல். மூக்கின் பின்பக்கத்திலிருந்து காதுக்குப் போகும் மெல்லிய குழாய் அது. சாதாரணமாக அது மூடியே இருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு நொடி திறந்து, உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தையும் வெளியே இருப்பதையும் சமப்படுத்தும். காதில் 'டப்' என்று கேட்பது அந்தச் சத்தம்தான்.

விமானம் மேலே போனதும் உள்ளே காற்றழுத்தம் குறைகிறது. விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்று சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்ற அளவில்தான் வைக்கப்படுகிறது. பி.பி. பார்க்கும் அதே அளவில் சொன்னால், தரையில் 760 இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடியில் 565 ஆகிவிடும்.

ஏறும்போது நடுக்காதில் இருக்கும் காற்று விரிந்து, குழாயைத் தானே தள்ளிக்கொண்டு வெளியேறும். சளி இருந்தாலும் பெரும்பாலும் வெளியேறிவிடும். அதனால்தான் ஏறும்போது சிரமம் குறைவு. இறங்கும்போது கதை மாறுகிறது. வெளியே அழுத்தம் கூடிக்கொண்டே வருகிறது. காற்று உள்ளே போக வேண்டும். ஆனால் குழாய் உள்பக்கமாகத் தானாகத் திறக்காது, நாம் விழுங்கித்தான் திறக்க வேண்டும். சளியால் அதன் வாய் வீங்கியிருந்தால் விழுங்கினாலும் திறக்க மறுக்கும். செவிப்பறை உள்நோக்கி இழுக்கப்படும். வலி அங்கேதான் பிறக்கிறது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான ஒன்று உண்டு. வெளி அழுத்தம் உள் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 90 அளவு கூடிவிட்டால் அந்தக் குழாய் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு எவ்வளவு விழுங்கினாலும் தசையால் அதைத் திறக்க முடியாது. விமானம் இறங்கும்போது உள்ளே அழுத்தம் மாறும் வேகத்தைக் கணக்கிட்டால், ஒருமுறைகூட குழாய் திறக்காமல் 10, 12 நிமிடம் போனாலே அந்த அளவை எட்டிவிடலாம். தூங்குகிறவர் விழுங்குவது மிகக் குறைவு. ஆகவே சளியோடு இருப்பவர் விமானம் இறங்கத் தொடங்கும்போது தூங்கிக்கொண்டிருந்தால், வலியோடு கண் விழிக்கும் நேரத்தில் கதவு பூட்டியிருக்கும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: இறங்கும்போது தூங்கக் கூடாது.

வீட்டிலேயே ஒரு சோதனை

நம் பயணி புறப்படும் நாள் காலையில் ஒன்று செய்து பார்க்கலாம். மூக்கை மெதுவாகச் சிந்திவிட்டு, இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்க வேண்டும். இரண்டு காதிலும் 'டப்' என்று ஒரு அசைவு தெரிந்தால் குழாய் வேலை செய்கிறது. தெரியவில்லை என்றால், மூக்கைப் பிடித்து வாயை மூடிக்கொண்டு மிக மெதுவாக மூச்சை மூக்குப் பக்கம் தள்ளிப் பார்க்கலாம். அப்போதும் ஒரு காது அசையவே இல்லை என்றால், அந்தக் காது விமானத்தில் தொல்லை தரும் என்று அர்த்தம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டாமல் புறப்படக் கூடாது.

காய்ச்சல் இருந்தாலோ, காதில் ஏற்கெனவே வலியோ சீழோ இருந்தாலோ, குனிந்தால் நெற்றியும் கன்னமும் பிளப்பது போல் வலித்தாலோ, சமீபத்தில் காதில் அறுவை நடந்திருந்தாலோ பயணத்தைத் தள்ளிப்போடுவது பற்றி மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். டிக்கெட்டை மாற்றப் பணம் போகும்தான். ஆனால் சளிக்கு முதல் மூன்று நாள்தான் மிக மோசம். தொற்றும் அந்த நாட்களில்தான் அதிகம். மூன்று, நான்கு நாள் தள்ளினாலே இரண்டும் குறைந்துவிடும்.

மருந்துக் கடை மாத்திரை காதைத் திறக்குமா?

நாம் கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகளில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் கலந்திருக்கும். பாராசிட்டமால் காய்ச்சலுக்கும் உடல் வலிக்கும். குளோர்பெனிரமின் மூக்கு ஒழுகலை நிறுத்த. பினைல்எஃப்ரின் மூக்கடைப்பைத் திறக்க. இந்த மூன்றாவது மருந்தை மாத்திரையாக விழுங்கினால் மூக்கடைப்பு திறப்பதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் நிபுணர் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொன்னது. 2024 நவம்பரில் அந்த மருந்தைச் சளி மாத்திரைகளிலிருந்து நீக்க அந்தத் துறையே முன்மொழிந்தது. இரண்டாவது மருந்துக்குத் தூக்கம் வரும். ஆக, காதைத் திறக்காத ஒரு மருந்தும் தூங்க வைக்கும் ஒரு மருந்தும் சேர்ந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு விமானம் ஏறுகிறோம். இறங்கும்போது தூங்கிவிடுகிறோம். "மாத்திரை போட்டும் வலித்தது" என்று பலர் சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பினைல்எஃப்ரினும் குளோர்பெனிரமினும் கலந்த மருந்தை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மருந்து உறையில் அச்சிட வேண்டும் என இந்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. பேரக்குழந்தைக்குப் பெரியவர் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

அடுத்தது மூக்கில் அடிக்கும் ஸ்பிரே. ஆக்ஸிமெட்டாசோலின், ஸைலோமெட்டாசோலின் என்ற பெயர்களில் கிடைக்கும். வீங்கிய மூக்கைச் சில நிமிடங்களில் திறக்கும் என்பது உண்மை. ஆனால் காது வலிக்கு அது எவ்வளவு உதவும்? விமானத்தில் அடிக்கடி காது வலி வருகிறவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1998இல் அமெரிக்காவில் வெளிவந்தது. வெறும் மாத்திரை கொடுத்தவர்களில் 100க்கு 71 பேருக்கு வலியோ அடைப்போ வந்தது. ஸ்பிரே அடித்தவர்களில் 64 பேருக்கு வந்தது. சூடோஎபெட்ரின் என்ற மாத்திரை எடுத்தவர்களில் மட்டும் அது 34 ஆகக் குறைந்தது. ஸ்பிரே மூக்கைத் திறக்கிறது, ஆனால் அதன் மருந்து காதுக்குழாயின் வாய் வரை எப்போதும் போய்ச் சேர்வதில்லை. ஸ்பிரேயை ஒரு துணையாக வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பித் தூங்க முடியாது.

அப்படியானால் சூடோஎபெட்ரின் எடுக்கலாமே என்று தோன்றும். நம் பயணிக்கு அது கூடாது. அது இரத்த அழுத்தத்தைக் கூட்டும், நெஞ்சுப் படபடப்பைத் தரும். பி.பி., இதய நோய், தைராய்டு, கண் அழுத்தம், சிறுநீர் இறங்குவதில் சிரமம் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடக் கூடாது. குழந்தைகளுக்கும் அது இந்த வலிக்குப் பயன்படவில்லை. சில நாடுகளில் இந்த மாத்திரைக்குக் கட்டுப்பாடும் உண்டு. கோடீன் கலந்த இருமல் மருந்தையும் டிராமடால் வலி மாத்திரையையும் சவூதிக்கோ வளைகுடா நாடுகளுக்கோ எடுத்துச் சென்று பெரும் சிக்கலில் மாட்டிக்கொள்ள வேண்டாம். எந்த மருந்தானாலும் மருத்துவரின் சீட்டோடு, அதன் சொந்த அட்டையிலேயே எடுத்துச் செல்லுங்கள்.

மணிக்கணக்கில் ஒரு பயணம்

நம் பயணியின் மருத்துவர் பி.பி.யைப் பார்த்துவிட்டு, பயண நாளில் மட்டும் ஸ்பிரே பயன்படுத்தலாம் என்று அனுமதித்ததாக வைத்துக்கொள்வோம். இந்த அனுமதியும் தேவை, ஏனெனில் ஸ்பிரேயும் பி.பி.யைச் சற்றுக் கூட்டலாம்.

விமானம் 3 மணிக்குத் தரை இறங்கும் என்றால், இறங்கத் தொடங்குவது சுமார் 2.30. மருந்து வேலை செய்ய நேரம் வேண்டும். அதனால் 2 மணிக்கே மூக்கைச் சிந்திவிட்டு, தலையைச் சற்று முன்பக்கம் சாய்த்து, ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு முறை அடிக்க வேண்டும். நுனி மூக்கின் நடுச்சுவரைப் பார்க்காமல் வெளிப்பக்கக் கண்ணைப் பார்த்து இருக்கட்டும். 5 நிமிடம் கழித்து இன்னொரு முறை. முதல் முறை முன்பக்கத்தைத் திறக்கும், இரண்டாவது முறைதான் பின்னால் போகும். வலி வந்த பிறகு அடிப்பதில் பெரிய பயன் இல்லை. எந்தக் காரணத்துக்காகவும் இதை மூன்று நாளுக்கு மேல் தொடரக் கூடாது. தொடர்ந்தால் மருந்து விட்டதும் மூக்கு முன்பைவிட அதிகமாக அடைத்துக்கொள்ளும்.

இஹ்ராமில் இருப்பவர் வாசனை சேர்த்த ஸ்பிரேயோ, வாசனைத் தைலமோ, நறுமணமுள்ள கைகழுவும் திரவமோ பயன்படுத்தலாமா என்பதைப் புறப்படும் முன்பே ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாசனை இல்லாதவை எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கும். நோன்பு நேரத்தில் பயணம் செய்பவர் மூக்கில் விடும் மருந்து பற்றியும், பயணிக்கும் நோயாளிக்கும் மார்க்கம் தந்துள்ள சலுகை பற்றியும் கேட்டுக்கொள்ளலாம்.

ஏறத்தாழ இதே நேரத்தில்தான் மீகாத் எல்லை வருவதையும் விமானத்தில் அறிவிப்பார்கள். அந்த அறிவிப்பை உங்கள் காதுக்கான அறிவிப்பாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். மகன் அத்தாவை எழுப்பி நேராக உட்கார வைக்க வேண்டும். தல்பியாவை மெதுவான குரலில் ஓதிக்கொண்டே இடையிடையே ஒரு மடக்கு தண்ணீர் குடிக்கட்டும். மிட்டாய் சப்பலாம், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தண்ணீரே போதும். நிமிடத்துக்கு ஒரு முறையாவது விழுங்க வேண்டும். காது லேசாக அடைப்பது போல் தெரிந்த உடனே, வலிக்கும்வரை காத்திராமல், மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்க வேண்டும். தேவைப்பட்டால் மூக்கைப் பிடித்து மெதுவாக மூச்சைத் தள்ளலாம். பலம் கொண்ட மட்டும் ஊதக் கூடாது. அது சளியைக் காதுக்குள் தள்ளும், அரிதாக உள்காதையே கிழித்துவிடும். விமானம் தரையைத் தொடும்வரை இதை விடக் கூடாது. கடைசி சில ஆயிரம் அடியில்தான் அழுத்தம் வேகமாகக் கூடுகிறது.

நேர் விமானம் இல்லாமல் கொழும்பிலோ துபாயிலோ மாறிப் போகிறவர்களுக்கு இறக்கமும் இரண்டு. ஸ்பிரேயின் வேலை 8 மணி நேரம் அளவுக்கு நிற்கும் என்பதால், ஒவ்வொரு இறக்கத்துக்கும் அடிக்க வேண்டியதில்லை. ஆனால் விழித்திருப்பதும் விழுங்குவதும் இரண்டு முறையும் வேண்டும்.

காதில் பஞ்சு வைப்பதும், சூடான தண்ணீரில் நனைத்த துணியைக் கோப்பையில் வைத்துக் காதில் கவிழ்ப்பதும் இந்த அழுத்தத்தைச் சமப்படுத்தாது. சுடுநீர் பட்டுக் காது வெந்துபோவதுதான் மிச்சம். ஆவி பிடித்தால் வீட்டில் சுகம் தெரியும், விமானம் இறங்கும் நேரம் வரை அது நிற்காது.

கைக்குழந்தை உடன் இருந்தால், இறக்கம் தொடங்கும்போது எழுப்பி, தலையை உயர்த்திப் பிடித்துப் பால் கொடுங்கள். குடிக்கும் ஒவ்வொரு மடக்கும் அதன் காதைத் திறக்கும். மேலே பறக்கும்போதே வயிறு நிறையக் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டால், தேவைப்படும் நேரத்தில் குழந்தை குடிக்காது. சிறு குழந்தைக்கு மிட்டாய் கொடுக்க வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

பக்கத்து இருக்கைக்குப் போகாமல்

"விமானத்தில் ஒருவர் இருமினால் எல்லாருக்கும் வந்துவிடும்" என்பது பாதி உண்மை. 1977இல் அமெரிக்காவின் அலாஸ்காவில், எஞ்சின் பழுதால் ஒரு விமானம் 54 பேரோடு 3 மணி நேரம் தரையிலேயே நின்றது. அந்த நேரத்தில் காற்றோட்டம் வேலை செய்யவில்லை. பயணிகளில் ஒருவருக்கு ஃப்ளூ காய்ச்சல். அடுத்த 72 மணி நேரத்துக்குள் பயணிகளில் 100க்கு 72 பேர் என்ற கணக்கில் நோயில் விழுந்தார்கள். பறக்கும் விமானத்தில் நிலைமை வேறு. மேலிருந்து கீழாக ஓடும் காற்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறுகிறது, திரும்பி வரும் காற்று நுண்வடிகட்டி வழியாக வருகிறது. அங்கே ஆபத்து பெரும்பாலும் பக்கத்து இருக்கை, முன் வரிசை, பின் வரிசையில் இருப்பவர்களுக்குத்தான்.

ஆகவே சளி உள்ளவர் ஜன்னல் ஓரம் உட்காருவது நல்லது. பக்கத்தில் இருப்பவர்கள் குறைவு, நடந்துபோகிறவர்கள்மேல் இருமல் படாது. தலைக்கு மேலே காற்றுத் திருகு இருந்தால் திறந்து வையுங்கள், விமானம் தரையில் நிற்கும்போது கட்டாயமாக. முகக்கவசம் போடுங்கள், நனைந்தால் மாற்ற இன்னும் மூன்று வைத்திருங்கள். இஹ்ராமில் ஆண்கள் முகத்தை மறைப்பது பற்றி ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் கருத்து வேறுபாடு உண்டு. பெண்களுக்கும் முகம் மறைப்பதில் சட்டம் உண்டு. அதனால் இதையும் முன்கூட்டியே கேட்டுத் தெளிவு பெறுங்கள். கவசம் போட முடியாத நிலையில் தும்மல் வந்தால் கைக்குட்டையாலோ முழங்கை மடிப்பாலோ வாயையும் மூக்கையும் மறைத்து, உடனே கை கழுவுங்கள். நபி (ஸல்) அவர்கள் தும்மும்போது கையாலோ துணியாலோ முகத்தை மறைத்துக்கொண்டு சத்தத்தைத் தாழ்த்துவார்கள் என்று அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ளது.

மூக்கைத் துடைத்த காகிதத்தை முன் இருக்கையின் பையில் செருகாமல், ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு முடிந்து வையுங்கள். தண்ணீர் பாட்டிலைக் குழுவில் யாரோடும் பகிராதீர்கள். உம்ராவில் விமானத்தைவிட நீண்ட நெருக்கம் பேருந்திலும் தங்கும் அறையிலும்தான். மக்காவிலிருந்து மதீனா சுமார் 450 கிலோமீட்டர். அங்கேயும் இதே ஒழுங்கு வேண்டும். உம்ராவுக்காகப் போடும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி சளிக்கோ ஃப்ளூவுக்கோ அல்ல. வயதானவர்களும் சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களும் ஃப்ளூ தடுப்பூசியைத் தனியாக, புறப்பட இரண்டு வாரத்துக்கு முன்பே போட்டுக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

இறங்கிய பிறகும் காது அடைத்திருந்தால்

பெரும்பாலானவர்களுக்குச் சில மணி நேரத்தில், அல்லது ஓரிரு நாளில் சரியாகிவிடும். விழுங்குவதையும் மெதுவாக ஊதுவதையும் தொடருங்கள். நடுக்காதில் நீர் கோர்த்திருந்தால் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல் இரண்டு, மூன்று வாரம் இருக்கலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தால் அது நேரே உள்ளே போகும்.

காதிலிருந்து இரத்தமோ நீரோ வந்தால், இரண்டு நாளைக்கு மேல் வலி இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். தலை சுற்றி நிற்க முடியவில்லை என்றாலோ, ஒரு காது திடீரெனக் கேட்கவே இல்லை என்றாலோ அன்றே போக வேண்டும். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால், கேட்கும் திறன் திரும்பாமல் போகலாம்.

உம்ரா முடிந்து திரும்பும் நாள் காலையிலும் அதே சோதனையைச் செய்து பாருங்கள். மூக்கைப் பிடித்து விழுங்கும்போது இரண்டு காதும் அசைகிறதா? அசைந்தால் புறப்படலாம். அசையவில்லை என்றால், விமான நிலையம் போகும் முன் குழுவை அழைத்து வந்த ஹஜ்ரத்திடம் சொல்லி அங்கேயே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்.